செக்கு சுற்றும் ரீலா, தராசு தெரியும் பதிவா?

வெள்ளகோவில் பக்கம் மாமா நடத்தும் மரச்செக்குக்கு இன்ஸ்டாவில் பதிவு போடுவது என் வேலை. முதலில் எல்லாம் ரீல்தான். வாகை மர உலக்கை சுற்றும், எண்ணெய் கசியும், பின்னால் ஒரு பாட்டு. அரை நிமிடம். லைக் கொட்டியது. அப்புறம் கோபியிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார்: “ஏனுங்க தம்பி, செக்கு ஓடறது சரி. பாட்டில்ல ஊத்தறது இதே எண்ணெய்தானுங்களா?”

ரீலில் அதற்குப் பதில் இல்லை. செக்கிலிருந்து பாட்டிலுக்குப் போகும் இடத்தில்தான் நாங்களே வெட்டி ஒட்டியிருந்தோம்.

அதனால் இப்போது தராசைக் காட்டுகிறோம். ஒரு தடவை ஆட்டுவதற்கு ஐந்து படம். முதல் படத்தில் தராசில், பொறுக்கி முடித்த 20 கிலோ நிலக்கடலைப் பருப்பு. அடுத்தது, பொறுக்கி ஒதுக்கிய சொத்தையும் பூஞ்சை பிடித்ததும் ஒரு முறத்தில். இதைக் காட்டக் கூடாது என்றார் மாமா. ஆனால் அதிகம் பேர் விசாரித்தது இந்தப் படத்தைத்தான். பூஞ்சைக் கடலை எண்ணெயையே கெடுத்துவிடும் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியும். அப்புறம் எண்ணெய் 8.2 கிலோ, அதாவது சுமார் 9 லிட்டர். புண்ணாக்கு 11.5 கிலோ. மிச்சம் கொஞ்சம் ஈரமாகப் போனது, உரலில் ஒட்டியது. கடைசிப் படம், மூன்று நாள் வெயிலில் தெளியவைத்த பிறகு அடியில் நிற்கும் கசடு.

இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். நிலக்கடலைப் பருப்பில் எண்ணெயே ஏறக்குறைய பாதிதான். 20 கிலோ போட்டு 12 கிலோ எண்ணெய் எடுத்தேன் என்று ஒருவர் எழுதினால், எங்கோ வேறு எண்ணெய் சேர்ந்திருக்கிறது. லிட்டருக்கு இரண்டேகால் கிலோ பருப்பு வேண்டும் என்பது தெரிந்துவிட்டால், அந்த இரண்டேகால் கிலோ பருப்பின் சந்தை விலைக்கும் குறைவாக ஒரு லிட்டர் எண்ணெய் கொடுப்பவர்மேல் சந்தேகம் தானாக வரும்.

லைவ் போட்டும் பார்த்தோம். முக்கால் மணி நேரம் செக்கு சுற்றுவதை யார் உட்கார்ந்து பார்ப்பது? வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸோ 24 மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. இரண்டு மாதம் கழித்துப் பாட்டிலைத் திறப்பவருக்கு உதவாது. நிலைத்து நிற்கும் பதிவில் ஆட்டிய தேதியைப் போட்டு, அதே தேதியைப் பாட்டிலிலும் எழுதிவிடுகிறோம்.

தராசுப் பதிவிலும் ஓட்டை உண்டு. எடை போட்ட பிறகு பாமாயில் கலந்தால் படத்தில் தெரியாது. அதற்கு ஆய்வகச் சோதனைதான் வழி. ரீலை நாங்கள் விட்டுவிடவில்லை. புது ஆட்கள் அதைப் பார்த்துத்தான் உள்ளே வருகிறார்கள். கோபி அக்கா மட்டும் இப்போதெல்லாம் தேதியைச் சொல்லித்தான் கேட்கிறார்: “அந்தச் செவ்வாக்கெழமை ஆட்டுனது இருக்குதுங்களா?”