குழந்தைகள் கேமுக்கு பிரைவசி பாலிசி எழுதித் தர்றோம்னு சொன்னவங்ககிட்ட ₹14,500 ஏமாந்தேன்

கை நடுங்கிக்கிட்டே டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க. நாலு நாளா சரியா தூங்கல. சின்னதா ஒரு கேம் செஞ்சு ஸ்டோர்ல போடலாம்னு நினைக்கிற யாரா இருந்தாலும் இதை முழுசா படிச்சிடுங்க. எப்படி சரியா செய்யணும்னு கடைசியில எழுதுறேன்.

தருமபுரி நாலு ரோடு பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். கடை சாத்தின பிறகு ராத்திரியில உக்காந்து யூனிட்டி கத்துக்கிட்டு ஏழு மாசத்துல ஒரு கேம் முடிச்சேன். மரத்துல மாம்பழம் தொங்கும், குழந்தை தொட்டா கூடையில விழும், ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு, ரெண்டுன்னு என் பொண்ணு குரல்ல எண்ணும். அவ ரெண்டாம் வகுப்பு. ஆறிலிருந்து எட்டு வயசுப் பிள்ளைங்களுக்குன்னே செஞ்சது. பத்து பழம் முடிஞ்சா ஒரு விளம்பரம் வரும். காசு கேக்காம கொடுக்கணும்னா விளம்பரம் வேணும்தானே.

கேம் செய்யத் தெரிஞ்ச எனக்கு பாலிசி எழுதத் தெரியல. ஆன்லைன்ல கேம் வெளியிட்டுத் தர்ற ஒரு சேவையைப் பிடிச்சேன். பேர் போட மாட்டேன். விளம்பரம் இணைக்கிறது, ஸ்டோர் படிவம் நிரப்புறது, "குழந்தைகள் சட்டப்படி" பாலிசி எழுதுறது எல்லாம் சேர்த்து ₹14,500. ஏலச்சீட்டு எடுத்த பணத்துல இருந்து கொடுத்தேன்.

நான் எங்கே நம்பினேன்னு சொல்லியாகணும். போன்ல பேசின பையன் சுத்தமான நம்ம ஊர்த் தமிழ்ல பேசினான். "எங்கம்மா ஊரு பாப்பாரப்பட்டிதாண்ணா. நீங்க கேமைப் பாருங்க, பாலிசி கீலிசி எல்லாம் எங்க தலைவலி"ன்னான். "இது சின்னப் பிள்ளைங்க விளையாடுறது தம்பி, விளம்பரம் ஏதாவது எடக்குமடக்கா வந்துடப் போகுது"ன்னு நான் கேட்டேன். "அண்ணா, என் அக்கா குழந்தைக்கும் இதேதான் போட்டுக் கொடுப்பேன்"ன்னான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அன்னிக்கே மொத்தப் பணத்தையும் ஜிபேல அனுப்பினேன். பாதி இப்போ, பாதி வேலை முடிஞ்ச பிறகுன்னு கேக்கணும்னுகூடத் தோணல.

கேம் வெளியாச்சு. மூணாவது வாரம் ஸ்டோர்ல இருந்து எடுத்துட்டோம்னு மெயில் வந்துச்சு. பிரைவசி பாலிசி சரியில்ல, குழந்தைகளுக்கான விதிப்படி விளம்பர அமைப்பு இல்லன்னு போட்டிருந்தாங்க. ஸ்டோர் மேல எனக்குக் கோபமே இல்ல. அவங்க சொன்னது ஒவ்வொண்ணும் சரின்னு பிறகுதான் புரிஞ்சுது.

ஓசூர்ல வேலை பாக்குற என் மச்சினன் ஞாயித்துக்கிழமை வந்தான். முதல்ல பாலிசி லிங்கைத் திறந்தான். அது யார் வேணும்னாலும் எடிட் பண்ணக்கூடிய கூகுள் டாக். "மாமா, இதுல நானே இப்ப என் பேரைப் போட்டுடலாம்"னு ஒரு எழுத்து தட்டிக் காட்டி அழிச்சான். கூகுள் ப்ளே விதிப்படி பாலிசி எல்லாரும் திறக்கக்கூடிய, பிறர் திருத்த முடியாத வலைப்பக்கமா இருக்கணும். பிடிஎஃப் கூடாது. கேமோட பேரோ வெளியிட்டவர் பேரோ அதுல இருக்கணும். அந்த டாக்குல என் கேம் பேரே இல்ல. ரெண்டாவது பத்தியில "உங்கள் ஓட்டப் பாதையையும் இதயத் துடிப்பையும் சேமிக்கிறோம்"னு இருந்துச்சு. ஏதோ உடற்பயிற்சி ஆப்போட பாலிசியை அப்படியே அள்ளிப் போட்டிருக்காங்க. மாம்பழம் எண்ணுற கேமுக்கு இதயத் துடிப்பு!

அதைவிட மோசம் அடுத்த ரெண்டு வரி. ஒண்ணு, "இந்தச் செயலி 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கானது அல்ல." ஸ்டோர் படிவத்துல வயசு 6-8ன்னு டிக் பண்ணினது அதே ஆளுங்கதான். இன்னொண்ணு, "நாங்கள் எந்தத் தகவலையும் சேகரிப்பதில்லை." நான் நிஜமாவே எதையும் சேகரிக்கல. பேர் கேக்கல, போட்டோ கேக்கல, ஸ்கோர்கூட அந்த போன்லயே கிடக்குது. அதனால இந்த வரி சரிதான்னு நானும் நினைச்சேன். மச்சினன்தான் புரிய வச்சான்: "நீங்க எடுக்கல மாமா, விளம்பரம் காட்ட கேமுக்குள்ள சேர்த்த வேறொரு கம்பெனியோட கோடு, அதாவது விளம்பர எஸ்டிகே, அதுதான் எடுக்குது. அதுவும் உங்க கணக்குலதான் வரும்."

என் கேம்ல இருக்கிறது கூகுளோட AdMob எஸ்டிகே. அது ஐபி முகவரி, போனோட அடையாள எண்கள், எந்த விளம்பரத்தைத் தொட்டாங்க, ஆப் எப்படி ஓடுதுங்கிற விவரம் இதையெல்லாம் அனுப்பும்னு கூகுளே சொல்லி வச்சிருக்கு. அந்த அடையாள எண்கள்ல ஒண்ணுதான் விளம்பர ஐடி. ஒரே போன்ல இருக்கிற பல ஆப்புகளும் அந்த ஒரே எண்ணைப் பாக்கும். இந்தக் குழந்தை நேத்து என்ன கேம் ஆடுச்சு, இன்னிக்கு எதைத் தொட்டுச்சுன்னு கோத்துப் பாக்க அது போதும். பேரே வேண்டாம்.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுல Analyze APK போய் என் ஆப்பைத் திறந்து, அது கேக்குற அனுமதிகள் இருக்கிற AndroidManifest.xml பாத்தான். விளம்பர ஐடியை எடுக்க விடுற, நான் எழுதவே இல்லாத AD_ID அனுமதி அங்க உக்காந்திருந்துச்சு. எஸ்டிகே தானாவே சேர்த்துடுமாம். குழந்தைகளுக்கு மட்டும்னு வெளியிடுற ஆப்புல இந்த அனுமதி இருக்கவே கூடாதுன்னு ப்ளே விதி. இது குழந்தைங்க கேம், ஆளைத் தொடராத விளம்பரம் மட்டும் கொடுன்னு எஸ்டிகேகிட்ட சொல்ற வரியும் என் கோடுல இல்ல. மொத்தமே இவ்வளவுதான், பாருங்க:

```csharp
var rc = new RequestConfiguration();
rc.TagForChildDirectedTreatment = TagForChildDirectedTreatment.True;
rc.MaxAdContentRating = MaxAdContentRating.G;
MobileAds.SetRequestConfiguration(rc);
```

விளம்பரத்தைக் கேக்குறதுக்கு முன்னாடி இது ஓடணும். அஞ்சு நிமிஷ வேலை. இதுக்குத்தான் ₹14,500 வாங்கினாங்க, இதையும் செய்யல. மூணு வாரமா எத்தனை பிள்ளைங்க போன்ல இருந்து அந்த ஐடி போயிருக்குமோன்னு நினைச்சா வயிறு எரியுது. முதல் ஆளு என் பொண்ணு.

இனி அவங்ககிட்ட நான் பட்டதைக் கேளுங்க. முதல் போனுக்கு அதே தம்பி, "ஸ்டோர்காரங்க திடீர்னு ரூல்ஸ் மாத்திட்டாங்கண்ணா"ன்னான். பொய். ஆன்லைன்ல குழந்தைகளோட தகவலைப் பாதுகாக்கிற அமெரிக்காவோட கோப்பா சட்டம் 1998ல வந்தது, இந்த மாதிரி அடையாள எண்ணும் தனிப்பட்ட தகவல்தான்னு 2013லயே அதுல சேர்த்தாச்சு. "நமக்கு எதுக்குண்ணா அமெரிக்கச் சட்டம்"னான். எல்லா நாட்டுக்கும் டிக் போட்டு வெளியிட்டது யாரு? நீதானே! ரெண்டாவது போனுக்கு வேற ஒரு பொண்ணு, "டிக்கெட் ரெய்ஸ் பண்ணுங்க சார்." பண்ணேன். "பாலிசி டெலிவரி ஆயிடுச்சு, டிக்கெட் க்ளோஸ்டு"ன்னு வந்துச்சு. இதயத் துடிப்பு வரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். "அது ஸ்டாண்டர்டு டெம்ப்ளேட் சார், யாரும் படிக்க மாட்டாங்க"ன்னு பதில். யாரும் படிக்க மாட்டாங்களாம்! ₹14,500ல பாதியாவது திருப்பிக் கொடுங்கன்னு கேட்டேன். நீல டிக் விழுந்துச்சு, அதோட சரி. நேத்துல இருந்து போட்டோவும் தெரியல, மெசேஜும் ஒரே டிக்கோட நிக்குது.

யாரும் படிக்க மாட்டாங்கன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பூனைப் படம் போட்ட கேம்கள் செஞ்ச ஹைப்பர்பியர்டுங்கிற கம்பெனி மேல 2020ல அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்கே போட்டுச்சு. குழந்தைகளோட அடையாள எண்ணை, பெற்றோர்கிட்ட கேக்காம விளம்பரக் கம்பெனிகள் எடுக்க விட்டாங்கங்கிறதுதான் குற்றச்சாட்டு. 1,50,000 டாலர் கட்டினாங்க. நம்ம நாட்டு 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ எல்லாருமே குழந்தைதான். அவங்களைக் குறிவச்ச விளம்பரமும் பின்தொடர்றதும் கூடாது, மீறினா 200 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம். விதிகள் 2025 நவம்பர்ல வெளியாச்சு, பெரும்பாலான கடமைகள் 18 மாசம் கழிச்சு அமலுக்கு வரும். 13னு காப்பி அடிச்ச வரி இங்கயும் உதவாது.

நேத்து ராத்திரி மச்சினனோட உக்காந்து பாலிசியை நானே எழுதினேன். ஒரு பக்கம்தான். எங்க கடைப் பேர், முகவரி, போன், மெயில் முதல்ல. அப்புறம் இப்படி: "இது 6 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கான விளையாட்டு. பெயர், படம், இருப்பிடம் எதையும் கேட்பதில்லை. மதிப்பெண் உங்கள் போனில் மட்டும் இருக்கும், செயலியை நீக்கினால் அழிந்துவிடும். விளம்பரம் காட்ட கூகுள் AdMob பயன்படுகிறது. ஐபி முகவரியும் செயலிக்கான ஓர் அடையாள எண்ணும் அதற்குச் செல்லும். விளம்பரம் காட்டவும், ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வராமல் பார்க்கவும், மோசடியைத் தடுக்கவும் மட்டும் அவை பயன்படும். விளம்பர ஐடி அனுப்பப்படாது, குழந்தையின் பழக்கத்தை வைத்து விளம்பரம் வராது. குழந்தையின் தகவல் பற்றிக் கேட்கவோ, நீக்கச் சொல்லவோ, இனி எடுக்க வேண்டாம் எனச் சொல்லவோ பெற்றோர் இந்த எண்ணில் அழைக்கலாம்." எவ்வளவு நாள் வச்சிருப்பாங்கங்கிற வரியும் சேர்த்தோம். எழுதினது உண்மையாகணுமேன்னு அன்னிக்கே கோடை மாத்தி, AD_ID அனுமதியையும் எடுத்து, அது போயிடுச்சான்னு மறுபடி திறந்து பாத்தோம்.

எப்படி செய்யணும்னு விரிவா எழுதறேன்னு சொன்னேன், கடையில ஆள் நிக்குறாங்க, அவசரமா இவ்வளவுதான். பாலிசியும், ஆப் என்ன தகவல் எடுக்குதுன்னு ஸ்டோர்ல நிரப்புற Data safety படிவமும், கோடும் மூணும் ஒண்ணையே சொல்லணும். விளம்பரம் இருந்தா "எதையும் சேகரிப்பதில்லை"ன்னு எழுதித் தந்தவங்களை நம்பாதீங்க. குழந்தைங்க கேமுக்கு, குழந்தைங்க ஆப்புக்குன்னே கூகுள் ப்ளே வச்சிருக்கிற குடும்பப் பட்டியல்ல இருக்கிற விளம்பர எஸ்டிகே மட்டும் போடுங்க. பாலிசியைக் கையில வாங்கி ஒவ்வொரு வரியா படிக்காம மொத்தப் பணத்தையும் கொடுக்காதீங்க.

₹14,500க்கு நாளைக்கு 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் போடப் போறேன். ஜிபே ரசீது, டிக்கெட் நம்பர், ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் எடுத்து வச்சாச்சு. காசு கொடுத்து இந்த மாதிரி பாலிசி வாங்கினவங்க இப்பவே திறந்து ரெண்டாவது பத்தியைப் பாருங்க. ஓட்டப் பாதை, இதயத் துடிப்புன்னு இருந்தா எனக்குச் சொல்லுங்க, புகார்ல உங்களையும் சேர்த்துக்கிறேன்.