499-க்கு 40, 699-க்கு 100, 999-க்கு 200: மூன்றிலும் இருந்து பார்த்துவிட்டுத் திருத்திய விளம்பரம்

எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் கொடுக்கும் கேபிள்காரத் தம்பி போன மாதம் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். லோக்கல் சேனலில் ஓட்ட 40 செகண்ட் விளம்பரம். அதையே ஆட்டோவில் மைக் கட்டியும் சொல்லப் போகிறார்களாம். "ஒரு தடவ பாத்துத் திருத்திக் குடுங்கக்கா" என்றார். தாளில் இருந்தது இவ்வளவுதான்: "மின்னல் வேகம்! வெறும் 499 ரூபாயில் 40 எம்பிபிஎஸ்! 699-ல் 100! 999-ல் 200! அன்லிமிடெட்! இன்றே அழையுங்கள்!"

அவர் என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. 2022 ஜூனில் அவரிடம் 40-ல் ஆரம்பித்து, 100-க்குப் போய், நடுவில் நாலு மாதம் 200-ல் இருந்துவிட்டு, மறுபடி 100-க்கே இறங்கி வந்தவள் நான். ஒவ்வொரு முறையும் அவருக்குத்தான் போன். வீட்டில் ஐந்து பேர்: வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் கணவர், சாயங்காலம் ஆறு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் பத்துக்கு எழும் மாமியார், இரண்டு பிள்ளைகள், நான்.

விலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் முதல் மாதம் எனக்கும் கேபிள்காரத் தம்பிக்கும் நடந்த முதல் சண்டை அதுதான். 499 என்றார்கள், பில் 588 ரூபாய் 82 காசு வந்தது. 18 சதவீத ஜிஎஸ்டி. 699 என்றால் 824.82, 999 என்றால் 1178.82. (99-ல் முடியும் எந்த விலைக்கும் வரி சேர்த்தால் கடைசியில் 82 காசுதான் வரும், வேண்டுமானால் போட்டுப் பாருங்கள்.) இது யாரும் செய்யும் ஏமாற்று என்று சொல்லவில்லை, வரி எல்லாருக்கும் உண்டு. ஆனால் மாதச் செலவு எழுதும் வீட்டுக்குத் தேவை கையிலிருந்து போகும் தொகைதான். 40-க்கும் 100-க்கும் வித்தியாசம் 200 ரூபாய் என்று போர்டு சொல்கிறது. வரியோடு 236. வருஷத்துக்கு 2832.

அப்புறம் வேகம். 40, 100 என்பது எதை எண்ணுகிற எண் என்பதே எனக்கு ஒரு வருஷம் தெரியாது. பையன் ஒரு கேமை இறக்கும்போது திரையில் 5 MB/s என்று காட்டியது. "40 கட்டுறோம், 5-தான் வருது" என்று போன் போட்டுவிட்டேன். பிளானில் வருகிற Mbps-ல் b சின்னது, அது பிட். இறக்கும்போது காட்டுகிற MB-யில் B பெரியது, அது பைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 40-ஐ எட்டால் வகுத்தால் 5. சரியாகத்தான் வந்திருக்கிறது, நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அந்த கேம் 60 ஜிபி. 40-ல் அது இறங்க மூன்று மணி இருபது நிமிஷம், 100-ல் ஒரு மணி இருபது நிமிஷம். வேகம் என்றால் என்ன என்று வீட்டில் யாருக்காவது புரிய வைக்க வேண்டுமானால் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

ஆனால் டிவிக்கு இந்தக் கணக்கு வேறு. முழு ஹெச்டி படத்துக்கு நெட்பிளிக்ஸ் சொல்வது 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15. வீடியோ மீட்டிங்குக்கு மூன்று நாலு போதும். அப்படியானால் டிவி, இரண்டு போன், ஒரு மீட்டிங் எல்லாம் சேர்ந்தாலும் 20-ஐத் தாண்டாது. 40 தாராளம். அப்படியிருந்தும் எங்கள் ஹாலில் படம் சுற்றிக்கொண்டே இருந்தது. மாமியார் ஒவ்வொரு ராத்திரியும், "உங்க நெட்டு வந்ததுலேருந்து சீரியல்ல பாதி வட்டந்தான் பாக்குறேன்" என்பார்.

பிளான் போதவில்லை என்று நினைத்து 100-க்கு மாறக் கிளம்பிவிட்டேன். லைன்மேன்தான் தடுத்தார். ரவுட்டர் பக்கத்தில் நின்று போனில், வேகம் எவ்வளவு என்று காட்டும் fast.com தளத்தைப் போடச் சொன்னார். 38 வந்தது. டிவிக்குப் பக்கத்தில் போய்ப் போடச் சொன்னார். 11. ரவுட்டர் இருந்தது உள் அறையில், கணவரின் மேஜைக்கடியில், நடுவில் இரண்டு செங்கல் சுவர், ஒரு இரும்பு பீரோ. வீடு வரைக்கும் 40 வந்துவிட்டது, டிவி வரைக்கும் வரவில்லை. டிவி இருந்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில். அது தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் அத்தனையும் அதே இடத்தில்தான் இரைச்சல் போடும். 5 கிகாஹெர்ட்ஸில் கூட்டம் குறைவு, வேகம் அதிகம், சுவர்தான் அதற்கு ஆகாது. ஃபைபர் வயரைப் பத்தடி நீட்டி ரவுட்டரை ஹாலில் மேலே மாட்டி, டிவியை 5-க்கு மாற்றினோம். 36 வந்தது. வயருக்கும் கூலிக்கும் 300 ரூபாய், ஒரே தடவை. பிளானை ஏற்றியிருந்தால் மாதாமாதம் 236 கட்டிக்கொண்டு அதே 11-ல் உட்கார்ந்திருப்போம்.

அப்படியானால் ஏன் 100-க்குப் போனேன்? வேகத்துக்காக இல்லை, அளவுக்காக. அந்த "அன்லிமிடெட்" என்ற வார்த்தை. 2023 கோடை விடுமுறையில், மாதம் 21-ஆம் தேதி, எல்லாம் ஒரேயடியாக நின்றது. வாட்ஸாப் மெசேஜ் போகிறது, டிவி வரவில்லை. எந்த நேரத்தில் போட்டாலும், ரவுட்டர் பக்கத்தில் நின்று போட்டாலும், 2. அசையாத 2. ஒன்றாம் தேதி காலையில் தானாகச் சரியாகிவிட்டது. விஷயம் இதுதான்: எங்கள் 40 பிளானுக்கு மாதம் 500 ஜிபி வரைதான் 40, அதைத் தாண்டினால் 2. லைன் பழுது என்றால் வேகம் ஏறும் இறங்கும், விட்டு விட்டு வரும். ஒரே எண்ணில் ஆணி அடித்த மாதிரி நின்றால், மாதக் கடைசியாகவும் இருந்தால், அது அளவு முடிந்த அடையாளம்.

ஹெச்டியில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜிபி வரை போகும். தினம் நாலு மணி நேரம் டிவி என்றால் மாதம் 360. மிச்சம் 140-ல் ஐந்து போனும் ஒரு 60 ஜிபி கேமும். அந்த 21-ஆம் தேதி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. பெரிய கம்பெனிகள் பலவும் 3300 ஜிபி வைத்திருக்கிறார்கள், சாதாரண வீடு அதைத் தொடாது. சின்ன ஆபரேட்டர்களிடம்தான் இதைக் கேட்டு வாங்க வேண்டும். எவ்வளவு அளவு, அதற்குப் பிறகு என்ன வேகம் என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. நம் தம்பியின் தாளில் அது இல்லை. 100 பிளானில் எங்களுக்கு 1000 ஜிபி. மாறிய பிறகு அந்த 2-ஐ நான் பார்க்கவே இல்லை.

200-ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, வெட்கம்தான். 2024-ல் கணவர் ஆசைப்பட்டு மாற்றினார். காலை, மதியம், நடுராத்திரி, எப்போது போட்டாலும் 94. லைன்மேன் ஃபைபர் பெட்டியில் நேராக லேப்டாப்பைச் சொருகிக் காட்டினார், 196 வந்தது. எங்கள் ரவுட்டர் அட்டைப்பெட்டியில் 1200 என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது வைஃபைக் கணக்கு. பின்னாலுள்ள வயர் துளை 100-க்கு மேல் தாங்காத வகை, அதில் நிஜமாக வருவது 94, 95-தான். உள்ளே நாலு கம்பி மட்டும் இருக்கும் மலிவு லேன் வயர் போட்டாலும் இதே எண்தான் வரும். நாலு மாதம், மாதம் 354 கூடுதல், மொத்தம் 1416 ரூபாய் கொடுத்து 100 பிளானையே அனுபவித்திருக்கிறோம். புது ரவுட்டர் வாங்கலாமா என்று யோசித்தோம். அந்த நாலு மாதத்தில் 94 போதவில்லை என்று வீட்டில் யாரும் ஒரு நாளும் சொல்லவில்லை. இறங்கிவிட்டோம்.

ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் இன்ஸ்டாலேஷன் இலவசம் என்பதும் அவர் போர்டில் உண்டு. நான் முதல் மாதம் மட்டும் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிறகு ஆறு மாதம் கட்டினேன். ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் தெருவில் எப்படி வருகிறது என்பது ஒரு மாதம் இருந்தால்தான் தெரியும். ஒரு ஃபைபரைப் பிரித்து முப்பது அறுபது வீட்டுக்குக் கொடுக்கிறார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் வேகம் குறையலாம்.

இதையெல்லாம் வைத்து நான் எழுதிக் கொடுத்தது:

"வீட்டில் ரெண்டு மூணு பேர், ஒரு டிவி, நாலு போனா? 40 போதும். வரியோடு மாதம் 589 ரூபாய். 500 ஜிபி. தினம் நாலு மணி நேரம் டிவி பார்த்தாலும் போனுக்கு மிச்சம் இருக்கும். தாண்டினால் வேகம் 2-க்கு இறங்கும், மெசேஜ் போகும், டிவி சுற்றும். நாலைந்து பேர், வீட்டிலிருந்து வேலை, பிள்ளைகளுக்கு கேமா? 100 எடுங்கள். 825 ரூபாய், 1000 ஜிபி. 200 வேண்டுமா? 1179 ரூபாய். முதலில் உங்கள் ரவுட்டர் தாங்குமா என்று பார்த்துச் சொல்கிறோம். உள் ரூமில் சிக்னல் இல்லையா? பிளானை மாற்றாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். பெட்டியை இடம் மாற்றித் தருகிறோம்."

தம்பி படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அக்கா, இப்படிச் சொன்னா 999-ஐ யாரு எடுப்பா?" என்றார். ரவுட்டரையும் சேர்த்து நீங்களே விற்கலாமே என்றேன், அது அவருக்குப் பிடித்துவிட்டது. "டிவி சுற்றும்" என்பதை எடுக்கச் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் "டிவி திணறும்" என்று முடிவாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ எங்கள் தெருவில் வந்தது. 589 என்று சொன்னது. 500 ஜிபியும் சொன்னது. ஆரம்பத்தில் மட்டும், எனக்குத் தெரியாமல், "மின்னல் வேகம்!" என்று சேர்த்திருந்தார்.