பன்றித் தோல் மொறுமொறுக்க: மின்விசிறியா, ஃப்ரிட்ஜா?

ஒரு கிலோ பன்றி வயிற்றுக்கறியின் தோலைத் துடைத்து, உப்பு தேய்த்து மின்விசிறிக்குக் கீழே வைத்தால், சென்னைப் புழுக்கத்தில் காய்ந்த மாதிரி தெரியும். தொட்டால் விரலில் ஒட்டும். வெளியே வைத்த கறி கெட்டுப்போகும் பயம் வேறு. ஃப்ரிட்ஜில் மூடாமல் ஓர் இரவு வைத்தால் தோல் விறைத்து, நகத்தால் தட்டினால் சத்தம் கேட்கும். எனக்கு ஃப்ரிட்ஜ்தான்.

வித்தியாசம் ஓவனில் தெரியும். 240 டிகிரியில் அரைமணி நேரம் வைத்தால் காய்ந்த தோல் கொப்புளித்து எழும். ஈரத்தோலில் அந்தச் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகி, தோல் ரப்பராக இழுக்கும். அப்புறம் 160 டிகிரியில் ஒரு மணி நேரம்; கொழுப்பு உருகி, கறி மெத்தென்றாகும். ஒரு மூலை எழவில்லையா? கடைசியில் மேல்சூட்டை மட்டும் போட்டு, கண்ணெடுக்காமல் பாருங்கள், சட்டென்று கருகிவிடும்.