வராத படங்களை "ஆய்வு செய்த" தானியங்கிப் பதில்: இணையத்தில் ஃப்ரிட்ஜ் வாங்குவோர் கவனத்திற்கு

இணையவழியில் வாங்கிய ஃப்ரிட்ஜ் ஒன்று திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது கதவின் கீழ் மூலை உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கியிருந்தது. பொருள் சேதமாக வந்திருந்தால் 7 நாட்களுக்குள் படங்களுடன் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்பது அந்த விற்பனை நிறுவனத்தின் நிபந்தனை. மறுநாள் இரவு, "கதவு நசுங்கியிருப்பதைக் காட்டும் 3 படங்களை இத்துடன் இணைத்துள்ளேன்" என்று எழுதி அனுப்பினேன். ஆனால் படங்கள் கைப்பேசியில் இருந்தன, மின்னஞ்சலை எழுதியது கணினியில். படங்களைச் சேர்க்காமலேயே அனுப்பியிருக்கிறேன். இந்தத் தவறு முழுக்க என்னுடையது, அதை நான் மறைக்கவில்லை.

இரண்டே நிமிடங்களில் பதில் வந்தது: "நீங்கள் அனுப்பிய 1 படத்தை ஆய்வு செய்தோம். அதில் சேதம் எதுவும் தென்படவில்லை. உங்கள் புகார் முடிக்கப்பட்டது."

யாரோ பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள், இரவு விளக்கில் எடுத்த படம் தெளிவாக இல்லை போலும் என்று நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் புதிதாகப் படமெடுத்து அந்த மின்னஞ்சலுக்கே மறுமொழியாக அனுப்பினேன். முடிக்கப்பட்ட புகாருக்கு வரும் மறுமொழிகள் ஏற்கப்படுவதில்லை, புதிய புகார் பதிவு செய்யவும் என்று அதற்கும் ஒரு தானியங்கிப் பதில் வந்திருந்தது. அதை நான் பார்த்தது செவ்வாய்க்கிழமை காலையில், அதாவது எட்டாவது நாளில். புதிய புகார் காலக்கெடு கடந்துவிட்டதாக நிராகரிக்கப்பட்டது.

வாடிக்கையாளர் மின்னஞ்சல்களைக் கையாளும் மென்பொருளில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால், அந்த "1 படம்" எங்கிருந்து வந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. ஜிமெயிலில் அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து, `Show original` என்பதைச் சொடுக்கி அதன் மூல வடிவத்தைப் பார்த்தேன். என் எழுத்துக்குக் கீழே இருந்த ஒரே கோப்பு இதுதான்:

```
Content-Type: image/png; name="logo.png"
Content-Disposition: inline
Content-ID: <logo1>
```

என் கையொப்பத்தின் அடியில் தானாகவே சேரும் அலுவலகச் சின்னம் அது, 6 கேபி அளவு. அந்த நிறுவனத்தின் தானியங்கி அமைப்பு இதையே நான் இணைத்த படமாக எண்ணிக்கொண்டிருக்கிறது. அதில் ஃப்ரிட்ஜ் கதவு இல்லாததால் சேதமும் தென்படவில்லை!

இதைத் தவிர்ப்பது அப்படியொன்றும் கடினமான வேலை அல்ல. அனுப்பியவர் எதை அனுப்பியதாகச் சொல்கிறார் என்பதையும், உண்மையில் என்ன வந்திருக்கிறது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். நான் 3 படங்கள் என்று எழுதினேன், வந்ததோ ஒரு சின்னம். எண்ணிக்கை பொருந்தாத அந்த இடத்திலேயே அமைப்பு நின்றிருக்க வேண்டும்.

முதல் பக்கம், அதாவது சொல்லைப் படிப்பது, தமிழில் சற்றுக் கவனம் கேட்கும் வேலை. "இணைப்பு" என்ற சொல்லை மட்டும் தேடினால் மின் இணைப்பு, எரிவாயு இணைப்பு, இணைய இணைப்பு எல்லாம் சிக்கிக்கொள்ளும். எனவே "இணைத்துள்ளேன்", "இணைத்திருக்கிறேன்", "இத்துடன் அனுப்பியுள்ளேன்", "கீழே உள்ள படத்தில்" போன்ற, படம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுவிட்டதாகச் சொல்லும் வடிவங்களைத் தேட வேண்டும். "படத்தை நாளை இணைக்கிறேன்", "இணைக்க முடியவில்லை" என்பவற்றை விலக்கிவிட வேண்டும், ஏனெனில் அங்கே எழுதியவருக்கே படம் போகவில்லை என்று தெரியும். மறுமொழிகளின் அடியில் `>` குறியுடன் தொங்கும் பழைய மின்னஞ்சலின் வரிகளையும் முதலில் வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் போன வாரம் எழுதிய "இணைத்துள்ளேன்" இன்றைய மின்னஞ்சலின் கணக்கில் வந்துவிடும்.

இரண்டாம் பக்கத்தில்தான் அந்த நிறுவனம் சறுக்கியது. மின்னஞ்சலின் உள்ளேயே காட்டப்பட வேண்டியது என்ற பொருளில் `inline` என்று குறிக்கப்பட்ட கோப்புகளையெல்லாம் தள்ளிவிட்டால் போயிற்று என்று ஒருவர் நினைக்கலாம், ஆனால் அது ஆபத்தான குறுக்குவழி. ஐபோனிலிருந்து அனுப்பும் உண்மையான புகைப்படங்களும் பல நேரங்களில் அதே குறியுடன்தான் வருகின்றன. ஆகவே கோப்பு மிகச் சிறியதா, கையொப்பப் பகுதிக்குள் இருக்கிறதா, இதே கோப்பு இதே நபரின் முந்தைய மின்னஞ்சல்களிலும் மாறாமல் வந்திருக்கிறதா என்று சேர்த்துப் பார்த்துத்தான் அதைச் சின்னம் என்று முடிவு செய்ய வேண்டும். சில கேபி அளவுள்ள, ஒவ்வொரு மின்னஞ்சலிலும் ஒட்டிவரும் படம் உடைந்த கதவின் புகைப்படமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இவ்வளவுக்குப் பிறகும் படம் வரவில்லை என்றே தெரிந்தாலும், கேட்பதற்கு முன் இன்னும் ஓரிடத்தைப் பார்த்தாக வேண்டும். `In-Reply-To`, `References` என்ற தலைப்பு வரிகளைப் பின்பற்றி அதே உரையாடலின் முந்தைய மின்னஞ்சல்களுக்குப் போனால், "நான் அனுப்பிய படம்" அங்கே இருக்கக்கூடும். ஏற்கெனவே கொடுத்ததை மறுபடி கேட்பதைப் போல வாடிக்கையாளரை எரிச்சலூட்டுவது வேறொன்றில்லை.

அங்கும் இல்லையென்றால் கேள்வி ஒன்றே ஒன்று போதும்: "நீங்கள் குறிப்பிடும் 3 படங்கள் எங்களுக்கு வந்து சேரவில்லை, அவற்றை இந்த மின்னஞ்சலுக்கே மறுமொழியாக அனுப்புகிறீர்களா? உங்கள் புகார் இன்றைய தேதியிலேயே பதிவாகியுள்ளது." படங்களுடன் பில் எண், முகவரி, வாங்கிய தேதி, தயாரிப்பு எண் என்று ஐந்தைக் கேட்டால், பெரும்பாலானோர் எல்லாவற்றையும் தேடி எடுத்துவிட்டு அனுப்பலாம் என்று தள்ளிப்போடுவார்கள், அல்லது நான்கை அனுப்பிவிட்டுத் தேவையான ஒன்றை விட்டுவிடுவார்கள். பில் எண்ணும் முகவரியும் நிறுவனத்தின் கணினியிலேயே இருப்பவைதானே. அடுத்த மறுமொழியிலும் படம் வரவில்லை என்றால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்காமல் ஒரு மனிதரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். `Auto-Submitted: auto-replied` என்ற வரியுடன் வருவது வாடிக்கையாளரின் விடுமுறைத் தானியங்கிப் பதில், அதற்குக் கேள்வி அனுப்பவே கூடாது. அனுப்பினால் இரண்டு இயந்திரங்கள் விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கும்.

உங்களுக்கு இத்தகைய பதில் வந்தால், அதில் சொல்லப்பட்ட கோப்புகளின் எண்ணிக்கையை உங்கள் `Sent` பெட்டியில் உள்ள மின்னஞ்சலுடன் அன்றே ஒப்பிடுங்கள். நிறுவனங்களுக்குப் புகார் எழுதும்போது கையொப்பச் சின்னத்தை நீக்கிவிடுங்கள். முடிந்தால் "படம் 1: கதவின் கீழ் மூலை" என்று ஒவ்வொன்றையும் பெயரிட்டு எழுதுங்கள், இல்லாதது எதுவென்று படிப்பவருக்கு உடனே தெரியும். தண்டர்பேர்ட் பயன்படுத்துவோர், இணைப்பு மறந்தால் நினைவூட்டும் அதன் சொற்பட்டியலில் "இணைத்துள்ளேன்" என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் சேர்த்துவிட்டேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்து, முதல் மின்னஞ்சலின் மூல வடிவத்தையும் "1 படத்தை ஆய்வு செய்தோம்" என்ற பதிலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். படமே அனுப்பாதது என் பிழை என்று நிறுவனம் வாதிடலாம், அதை நான் மறுக்கப்போவதில்லை. படமே வராதபோது எதை ஆய்வு செய்தீர்கள் என்பதற்கு மட்டும் எழுத்துப்பூர்வமான பதில் கேட்டிருக்கிறேன். நசுங்கிய மூலையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கவும் வழியில்லை, கதவு அந்தப் பக்கம்தான் திறக்கிறது.