சி.டி. விகிதத்தை மீட்டருக்குள் போடுவதா, வெளியே பெருக்கிக்கொள்வதா?

டர்பன் பக்கம் ஜேக்கப்ஸ், மொபேனி, ப்ராஸ்பெக்டன் வட்டாரங்களில் ஒரே கூரைக்குக் கீழே நாலைந்து பட்டறைகள் நடப்பது சகஜம். நகராட்சியின் மீட்டர் சீல் வைத்தது, அதில் நமக்கு வேலை இல்லை. அதற்குப் பின்னால் ஒவ்வொரு டிபி போர்டிலும் நாமே வைக்கும் துணை மீட்டரில்தான் இந்தக் கேள்வி வரும். கேபிளின் பெரிய கரண்ட்டை மீட்டருக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்தான் சி.டி. அது 300/5 என்று வைத்துக்கொள்வோம். கேபிளில் 300 ஆம்ப் ஓடினால் மீட்டருக்கு 5 ஆம்ப் போகும். இந்த அறுபது மடங்கு வித்தியாசத்தை எங்கே சரிக்கட்டுவது?

வழி இரண்டு. மீட்டரின் செட்டிங்கில் 300/5 என்று போட்டுவிட்டால், திரையில் தெரிவதே உண்மையான யூனிட். இதைப் பிரைமரி ரீடிங் என்கிறார்கள். இல்லாவிட்டால் மீட்டரை 5/5 என்றே விட்டுவிட்டு, தன் கண்ணுக்குத் தெரியும் சிறிய கரண்ட்டை மட்டும் எண்ணவிட்டு, எடுத்த ரீடிங்கை நாம் 60-ஆல் பெருக்கலாம். இது செகண்டரி ரீடிங். அந்த 60-தான் பெருக்குக் காரணி, பேச்சு வழக்கில் எம்.எஃப். நாங்கள் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி. வசதிக்குறைவுதான், ஆனாலும் அதையே பரிந்துரைப்பேன்.

கணக்கு எளிது. மாதத் தொடக்கத்தில் 4182.35, முடிவில் 4794.85 என்றால் வித்தியாசம் 612.50. அதை 60-ஆல் பெருக்கினால் 36,750 யூனிட். நாளுக்கு 16 மணி நேரம், மாதம் 22 நாள் ஓடும் பட்டறை என்றால் 352 மணி நேரம். வகுத்தால் சராசரி லோடு 104 கிலோவாட் சொச்சம் வரும். பவர் ஃபேக்டர் 0.85 என்று வைத்தால் 400 வோல்ட்டில் ஒரு பேஸுக்கு ஏறக்குறைய 177 ஆம்ப். 300 ஆம்ப் சி.டி.க்கு இது பொருந்தும் எண். இதுவே 700 ஆம்ப் என்று வந்தால் எங்கோ பெருக்கு எண் தப்பு என்று உடனே தெரிந்துவிடும். எந்த வழியில் போனாலும் இந்தச் சரிபார்ப்பை விடாதீர்கள்.

மீட்டர் பழையதாக இருந்து, அதன் பெயர்ப்பலகையிலேயே 100/5 என்று அச்சிட்டிருந்தால் கதை கொஞ்சம் மாறும். அந்த மீட்டர் ஏற்கெனவே 20-ஆல் பெருக்கித்தான் காட்டுகிறது. லைனில் 200/5 போட்டிருந்தால் காரணி 40 அல்ல, வெறும் 2.

```
MF = (லைன் CT விகிதம்) / (மீட்டர் CT விகிதம்)
   = (200/5) / (100/5) = 2
```

பிரைமரி ரீடிங்கின் நல்ல பக்கத்தைச் சொல்ல அதிக வரி தேவையில்லை. ரீடிங் எடுப்பவர் யாராக இருந்தாலும் அப்படியே எழுதிக்கொண்டு வரலாம். செகண்டரியில் யூனிட்டைப் பெருக்கிவிட்டு கே.வி.ஏ. டிமாண்டைப் பெருக்க மறப்பவர்கள் உண்டு. திரையில் 2.05 கே.வி.ஏ. என்று நின்றால் உண்மை 123. பீக், ஸ்டாண்டர்டு, ஆஃப்-பீக் என்று மூன்று ரெஜிஸ்டர் இருந்தால் மூன்றையும் பெருக்க வேண்டும், ரியாக்டிவ் யூனிட்டையும் சேர்த்து. பவர் ஃபேக்டரையும் வோல்ட்டேஜையும் தொடக்கூடாது. பிரைமரியில் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது.

செகண்டரிக்கு ஒரு நிபந்தனை உண்டு. மீட்டர் குறைந்தது இரண்டு தசம இடமாவது காட்ட வேண்டும். காட்டினால் கடைசி இலக்கம் ஒன்று நகர்வது 0.6 யூனிட். முழு எண் மட்டும் காட்டும் மீட்டரில் ஒவ்வொரு நகர்வும் 60 யூனிட். 2000/5 சி.டி. என்றால் 400 யூனிட். அதை வைத்து இரவு ஷிஃப்ட்டின் செலவைப் பிரிக்க முடியாது. பிரைமரிக்கும் இதே மாதிரி ஒரு எல்லை உண்டு. ஆறு இலக்க ரெஜிஸ்டர் 999,999-க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பும். சராசரி 500 கிலோவாட் இழுக்கும் ஆலையில் 2,000 மணி நேரத்தில், அதாவது 83 நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. முடிவைத் தீர்மானிப்பது சி.டி.யை மாற்றும் நாள்.

பட்டறையில் இரண்டு புதிய மோல்டிங் மெஷின் வருகிறது, லோடு கூடுகிறது, 300/5-ஐக் கழற்றி 400/5 போடுகிறார்கள். புதுக் காரணி 80. செகண்டரி மீட்டரில் செய்ய வேண்டியது, மாற்றும் நேரத்தில் நின்ற ரீடிங்கை எழுதிவைப்பது மட்டுமே. மாதத் தொடக்கம் 4182.35. மாற்றியபோது 4472.35. மாத முடிவு 4714.35. முதல் பகுதி 290 யூனிட்டை 60-ஆல் பெருக்கினால் 17,400. இரண்டாம் பகுதி 242-ஐ 80-ஆல் பெருக்கினால் 19,360. கூட்டினால் 36,760. மீட்டரை யாரும் தொடவில்லை, அதன் எண் ஓட்டம் எங்கும் அறுபடவில்லை. மாற்றியதை ஒருவர் சொல்ல மறந்து முழு மாதத்தையும் 60-ஆல் பெருக்கிவிட்டால் 31,920 வரும். 4,840 யூனிட் குறைவு. ஆனால் மாற்றிய தேதி எப்போது தெரிய வந்தாலும், அன்றைய ரீடிங் கையில் இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே திருத்திவிடலாம்.

பிரைமரி மீட்டரில் அதே நாளில் செட்டிங்கை மாற்ற வேண்டும். இங்கே மீட்டர்கள் இரண்டு ரகம். ஒரு ரகம், உள்ளே பெருக்கி முடித்த யூனிட்டைச் சேமிக்கிறது. அதில் பழைய கணக்கு அப்படியே நிற்கும், புதியது புது விகிதத்தில் சேரும். இன்னொரு ரகம், உள்ளே செகண்டரி யூனிட்டைச் சேமித்துத் திரையில் காட்டும்போது மட்டும் பெருக்குகிறது. இதில் விகிதத்தை மாற்றிய நொடியில் வரலாறே மாறிவிடும். மேலே சொன்ன 4472.35, பழைய விகிதத்தில் 268,341 யூனிட் என்று நிற்கும். 400/5 என்று மாற்றியதும் 357,788 என்று காட்டும். ஒரு மெஷினும் ஓடாமலே 89,447 யூனிட் கூடியிருக்கும். வாடகைக்காரரின் பில்லில் அது போய் விழுந்தால் சண்டை நிச்சயம். விகிதத்தை மாற்ற முயன்றாலே ரெஜிஸ்டரை அழிக்கச் சொல்லும் மீட்டர்களும் உண்டு. அழித்துவிட்டால் திரும்பிப் பார்க்க ஒன்றுமில்லை.

தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும். வாங்கிய மீட்டர் எந்த ரகம் என்று போர்டில் ஏற்றும் முன் மேசையில் வைத்தே பார்த்துவிடலாம். சிறிது லோடு ஓட்டி ரீடிங்கை எழுதிக்கொள்ளுங்கள், விகிதத்தை மாற்றுங்கள், பழைய எண் தாவுகிறதா என்று பாருங்கள். இன்னொரு குறையும் பிரைமரிக்கு உண்டு. செட்டிங்கை யார் எப்போது மாற்றினார் என்ற பதிவை எல்லா மீட்டரும் வைத்திருப்பதில்லை. கடவுச்சொல் தொழிற்சாலையில் வந்தபடியே இருந்தால் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியே ஒட்டிய எண்ணை மாற்றினால் எல்லாரும் பார்ப்பார்கள்.

எந்த வழியானாலும் ஆரம்ப விகிதம் சரியாக இருக்க வேண்டுமே. சி.டி.யின் பலகையில் 400/5 என்று இருப்பதை மட்டும் நம்பி இறங்கக்கூடாது. காரணம் இரண்டு. டேப் உள்ள சி.டி.யில் எஸ்1, எஸ்2 இடையே 200/5, எஸ்1, எஸ்3 இடையே 400/5 என்று இருக்கும். பலகையில் பெரிய எண் கண்ணில் பட, வயர் எஸ்2-வில் இருக்கும். அப்போது மீட்டருக்கு இரட்டிப்பு கரண்ட் போகும், நீங்கள் 80-ஆல் பெருக்கினால் பில் இரண்டு மடங்கு. அடுத்தது, ஜன்னல் வகை சி.டி.யில் கேபிளை இரண்டு முறை உள்ளே விட்டுச் சுற்றியிருப்பது. சின்ன லோடுக்காக அப்படிச் செய்வார்கள். 300/5 சி.டி. அப்போது 150/5 ஆகிவிடும், காரணி 30. பலகையில் அது எழுதியிருக்காது, கேபிளைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே அளந்தே தீர வேண்டும். லோடு நிலையாக ஓடும்போது ஒரே நேரத்தில் கேபிளில் ஒரு கிளாம்ப், செகண்டரி வயரில் ஒரு கிளாம்ப். 178 ஆம்ப்பும் 2.97 ஆம்ப்பும் வந்தால் விகிதம் 60. செகண்டரிக்குச் சிறிய வாயுள்ள, சில ஆம்ப்பைத் துல்லியமாகக் காட்டும் கிளாம்ப் தேவை. 1000 ஆம்ப் கிளாம்ப்பில் 3 ஆம்ப்பை அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. வயரைக் கழற்றி இடையில் அம்மீட்டர் போட நினைக்க வேண்டாம். லோடு ஓடும்போது சி.டி.யின் செகண்டரி திறந்தால் முனைகளில் ஆபத்தான வோல்ட்டேஜ் ஏறும், சி.டி.யும் கெடும். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் டெஸ்ட் பிளாக்கில் ஷார்ட் லிங்கைப் போட்டுவிட்டுத்தான்.

இன்னொரு சோதனை மீட்டரின் சிவப்பு விளக்கு. அதன் அருகே 5000 imp/kWh என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலான சி.டி. மீட்டர்களில் செகண்டரி யூனிட்டுக்கான எண், திரை பிரைமரியைக் காட்டினாலும் சரி. 50 மின்னல் எத்தனை விநாடி என்று எடுங்கள். 20.7 விநாடி என்றால்:

```
kW = 3600 × 50 × 60 / (20.7 × 5000) = 104.3
```

கிளாம்ப்பின் 178 ஆம்ப், 400 வோல்ட், 0.85 பவர் ஃபேக்டர் என்று கணக்கிட்டால் 104.8 வரும். இரண்டும் ஒத்துப்போனால் விகிதமும் வயரிங்கும் சேர்ந்து சரி. விளக்குக் கணக்கு மூன்றில் ஒரு பங்காக வந்தால் காரணியைத் தேடாதீர்கள், ஒரு பேஸின் சி.டி. தலைகீழாக மாட்டியிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்காக வந்தால் ஒரு பேஸே வரவில்லை. இவற்றைப் பெருக்கு எண்ணை மாற்றிச் சரிக்கட்டப் பார்ப்பது தப்பு. லோடு சமமாக இல்லாத நாளில் அந்தப் பங்கு மாறிவிடும்.

நான் சொன்னது எல்லாம் 400 வோல்ட் போர்டுகளுக்கு. 11 கேவி பக்கத்தில் அளந்தால் வோல்ட்டேஜ் டிரான்ஸ்பார்மரின் 11000/110, அதாவது 100-உம் காரணியில் சேரும். அங்கே எனக்குக் கைப்பழக்கம் குறைவு. வாடகைக்காரரே வந்து திரையைப் பார்த்துத் தன் பில்லோடு ஒப்பிடும் இடத்தில் நானும் பிரைமரியைத்தான் வைப்பேன். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலக் கட்டண உயர்வில் அவர் சந்தேகம் பெருக்கு எண் மேல் திரும்பாமல் இருப்பது முக்கியம். அப்படி வைத்தால் கடவுச்சொல்லை மாற்றி, செட்டிங் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்வேன்.

மற்ற எல்லா இடத்திலும் 5/5, கதவின் உள்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர். அதில் சி.டி. விகிதம், எந்த டேப், கேபிள் எத்தனை சுற்று, பெருக்கு எண், அது எந்தத் தேதியில் எந்த ரீடிங்கிலிருந்து செல்லும் என்ற ஐந்தும் இருக்கும். சி.டி. மாறினால் பழைய ஸ்டிக்கரைக் கிழிப்பதில்லை, குறுக்கே ஒரு கோடு போட்டுப் புதியதை அதன் கீழே ஒட்டுகிறோம்.