அம்மாவின் வாட்ஸ்அப்பில் இருந்த அப்பாவின் குரல்: பாளையங்கோட்டையில் மூன்று நாள்

2024 ஜூலையில் மெல்போர்னில் இருந்து ஊருக்குப் போனபோது அம்மா முதலில் காட்டியது புது போனைத்தான். "அப்பா பேசுனது ஒண்ணும் இதுல இல்லடி" என்றாள். அப்பா ஏப்ரல் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தார். எழுத முடியாததால் அம்மாவுக்குத் தினமும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போடுவார். மே மாதம் இறந்துவிட்டார். ஜூனில் அம்மாவின் பழைய போன் கீழே விழுந்து டச் போய்விட்டது. 21-ஆம் தேதி சாயங்காலம் தம்பி அவளை ஷோரூமுக்குக் கூட்டிப்போய் புதுசு வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

ஷோரூமில் நடந்ததைத் தம்பியிடம் துருவிக் கேட்டேன். அம்மாவுக்கு ஜிமெயில் பாஸ்வேர்டு ஞாபகம் வரவில்லை. அங்கிருந்த பையன் புதிதாக ஒரு ஜிமெயில் திறந்து, வாட்ஸ்அப்பில் நம்பரைப் போட்டு, பேக்கப் பற்றிக் கேட்ட திரையில் Skip அழுத்திவிட்டான். ஐந்து நிமிட வேலை. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பின் கூகுள் பேக்கப் ஒரு போன் நம்பரோடும் ஒரு கூகுள் கணக்கோடும் சேர்ந்தே இருக்கும். நம்பர் அதேதான் என்றாலும் கணக்கு வேறு என்றால் பேக்கப் இல்லை என்றுதான் காட்டும். பழைய அரட்டையை மீட்கவா என்ற கேள்வியும் நம்பரைப் பதிவு செய்யும்போது மட்டும்தான் வரும். அப்புறம் செட்டிங்ஸில் எவ்வளவு தேடினாலும் அந்தப் பொத்தான் கிடைக்காது.

நான் முதலில் செய்தது புது போனில் தானாக ஓடும் பேக்கப்பை நிறுத்தியதுதான். பழைய ஜிமெயிலை அவசரமாக இந்த போனில் பேக்கப் கணக்காகச் சேர்த்திருந்தால், மூன்று வாரத்துச் சின்ன அரட்டை பழைய பேக்கப்பின் மேல் எழுதப்பட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக என் லேப்டாப்பில் அம்மாவின் பழைய கணக்கைத் திறந்தேன். பாஸ்வேர்டை மீட்கும் நம்பராகத் தம்பியின் நம்பர் இருந்ததால் அது முடிந்தது. கூகுள் டிரைவில் பேக்கப்புகளுக்கென்று தனிப் பக்கம் உண்டு: drive.google.com/drive/backups. அங்கே அம்மாவின் நம்பரோடு பேக்கப் இருந்தது. ஆனால் கடைசித் தேதி மார்ச் 9.

காரணம் இடம் இல்லாததுதான். முன்பெல்லாம் வாட்ஸ்அப் பேக்கப் கூகுளின் இலவச 15 ஜிபியில் எண்ணப்படாது. 2024-இன் முதல் பாதியில் எண்ணத் தொடங்கினார்கள். அம்மாவின் கணக்கு ஏற்கெனவே கல்யாண போட்டோக்களால் நிறைந்திருந்தது, பேக்கப் நின்றுவிட்டது. எங்களுக்கு வேண்டிய ஏப்ரல் அதில் இல்லை.

மிச்சம் இருந்தது பழைய போன். உடைந்திருந்ததால் ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்கொள்ளவில்லை, பீரோவில் கிடந்தது. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்குப் போனுக்குள்ளேயே ஒரு நகல் எடுத்து, கடைசி ஏழு நாள் நகல்களை வைத்திருக்கும். டச் போனாலும் போன் உயிரோடு இருந்தால் நகலும் இருக்கும் என்று நம்பினேன்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் டிஸ்ப்ளே மாற்ற முன்வந்தார்கள். ஆனால் போனை ரீசெட் செய்வோம், டேட்டா போனால் பொறுப்பில்லை என்ற படிவத்தில் கையெழுத்து கேட்டார்கள். போடாமல் எழுந்து வந்தேன். அடுத்த கடைக்காரர் போனைத் திறந்துகூடப் பார்க்காமல், ரெக்கவரி சாஃப்ட்வேர் போட மூவாயிரம் கேட்டார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த சின்ன ரிப்பேர் கடைத் தம்பிதான் ஒழுங்காகக் கேள்வி கேட்டார். "அக்கா, படம் தெரியுதுல்ல? பின் நம்பர் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கா?" இரண்டுக்கும் ஆமாம். சார்ஜ் போடும் துளையில் ஒரு ஓடிஜி ஹப்பைச் செருகி, அதில் மவுஸும் என் 32 ஜிபி பென் டிரைவும் மாட்டினார். திரையில் அம்பு வந்தது. அம்மா சொன்ன நான்கு எண்களை மவுஸால் அழுத்தி உள்ளே போனார். ஃபைல் மேனேஜரில் அந்த ஃபோல்டர் இருந்தது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/
```

அதற்குள் Databases. ஜூன் 15 முதல் 21 வரை நகல்கள், கடைசியாக எடுத்தது msgstore.db.crypt14 என்ற பெயரில். அதை மட்டும் எடுத்தால் போதும் என்று நினைத்தேன். அவர் தடுத்தார். அந்த ஃபைலில் எழுத்து மட்டும்தான் இருக்கும், குரலும் படமும் Media ஃபோல்டரில் தனியாகக் கிடக்கும். எழுத்து ஃபைலை மட்டும் கொண்டுபோனால் அப்பாவின் மெசேஜ் வரிசையாகத் தெரியும், அழுத்தினால் பேசாது. உள்ளே போய்க் காட்டினார்: WhatsApp Voice Notes, அதில் வாரவாரியாக ஃபோல்டர்கள், PTT-202404 என்று தொடங்கும் பெயர்கள், முடிவில் .opus. ஏப்ரல் இருந்தது. அந்தக் கணம் எனக்குக் கை நடுங்கியது. 9 ஜிபி சொச்சம் வந்த WhatsApp ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவில் ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

ஏற்றும் நேரத்தில் இன்னொன்றைச் சொன்னார்: மீட்டெடுத்த அரட்டை புது போனில் உள்ளதோடு சேராது, அதை அழித்துவிட்டு வந்து உட்காரும். ஆக, புது போனில் இருந்த மூன்று வார அரட்டை போய்விடும். அம்மாவிடம் கேட்டு, சித்தியோடும் தம்பியோடும் பேசியதை மட்டும் Export chat மூலம் என் மெயிலுக்கு அனுப்பிவைத்தோம். அது படிக்கத்தான் உதவும், திரும்ப வாட்ஸ்அப்புக்குள் வராது.

பிறகு புது போனில் வாட்ஸ்அப்பை நீக்கி, மறுபடி ஏற்றி, திறக்காமலே விட்டார். ஷோரூமில் போட்ட புது ஜிமெயிலைப் போனில் இருந்து எடுத்துவிட்டார். அதில் ஏதாவது சின்ன பேக்கப் இருந்தால் வாட்ஸ்அப் அதைப் பிடித்துக்கொள்ளும் என்றார். பென் டிரைவில் இருந்த ஃபோல்டரை அதே பாதையில் வைத்த பிறகுதான் வாட்ஸ்அப்பைத் திறந்தார். அம்மாவின் நம்பர், ஓடிபி. நம்பரைச் சரிபார்த்த பிறகுதான் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் அந்த msgstore ஃபைலைத் திறக்கும் சாவி சர்வரில் இருந்து வரும், அதனால் பழைய சிம் கையில் இருந்தே ஆக வேண்டும். அம்மா பேக்கப்புக்குத் தனியாகப் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ வைத்திருந்தால் அதுவும் தேவைப்பட்டிருக்கும். அது தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. நல்லவேளை, வைக்கவில்லை.

முதல் முறை Restore திரை வரவில்லை. அவர் எதையும் அழுத்தவில்லை, வெளியே வந்து ஃபோல்டரைப் பார்த்தார். WhatsApp-க்குள் இன்னொரு WhatsApp ஆகப் போய் உட்கார்ந்திருந்தது. வாட்ஸ்அப்பை மறுபடி நீக்கி ஏற்றி, ஃபோல்டரைச் சரியான இடத்தில் வைத்துத் திறந்தார். ஓடிபியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மணிக்கணக்கில் காத்திருக்கச் சொல்லும் என்பதால் இந்தத் தடவை பாதையை என்னையும் படிக்கச் சொன்னார். ஜூன் 21 என்ற தேதியோடு பேக்கப் தெரிந்தது. Restore.

ஜூன் 21 அதிகாலை 2 மணிக்குப் பிறகு பழைய போனுக்கு வந்த மெசேஜ்கள் மட்டும் கிடைக்கவில்லை. ஹப்போடு சேர்த்து 700 ரூபாய் வாங்கினார், அதற்கு மேல் கொடுத்ததை வாங்கவில்லை. பழைய போனை அப்படியே வைத்திருக்கச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அம்மா ஏப்ரலில் ஒன்றை அழுத்தினாள். "மருந்துக் கடைக்காரருக்கு நூத்தி இருபது ரூவா பாக்கி, மறக்காம குடுத்துரு" என்றார் அப்பா. "அன்னைக்கே குடுத்தாச்சு" என்று அம்மா போனைப் பார்த்துச் சொன்னாள்.