டிரையல் பேலன்ஸ் இடிக்குதா? எண்ணைப் படிப்பதா, டிக் போடுவதா, சஸ்பென்ஸில் தள்ளுவதா

சென்னை கோடவுன் தெரு, மின்ட் தெரு பக்கம் இன்னும் கையால் லெட்ஜர் எழுதி, மாதக் கடைசியில் எல்லாக் கணக்கின் பேலன்ஸையும் டெபிட், கிரெடிட் என்று பிரித்துக் கூட்டும் டிரையல் பேலன்ஸை மட்டும் எக்செல்லில் அடிக்கும் கடைகள் உண்டு. அப்படி ஒரு ஜவுளி மொத்தக் கடையின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். டெபிட் 18,46,320, கிரெடிட் 18,45,700. இரண்டும் சமமாக வேண்டும், ஆனால் டெபிட் பக்கம் 620 ரூபாய் கூடுதல், அதுதான் இடி. முதலாளி சொல்வது இதுதான்: "அறுநூத்தி இருபது ரூபாதானே சார், சஸ்பென்ஸ்ல போட்டுருங்க."

இங்கே மூன்று வழி இருக்கிறது. வித்தியாசத் தொகையை வைத்தே தப்பை யூகிப்பது ஒன்று. டிரையல் பேலன்ஸிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு ஏடாக டிக் போட்டுக்கொண்டு போவது இன்னொன்று. மூன்றாவது முதலாளி சொன்னது: காரணம் தெரியாத வித்தியாசத்தை சஸ்பென்ஸ் என்ற தற்காலிகக் கணக்கில் தள்ளிவிடுவது.

எண்ணைப் படிக்கும் வழிதான் வேகமானது. மூன்று கேள்வி கேட்டால் போதும். இதே தொகை எங்கேயாவது ஒரு பக்கம் மட்டும் பதிவாகியிருக்கிறதா? இதில் பாதித் தொகை பக்கம் மாறி உட்கார்ந்திருக்கிறதா (900 ரூபாய் கிரெடிட்டை டெபிட்டில் போட்டால் இடி 1,800 வரும், ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடுவதால்)? 9-ஆல் வகுபடுகிறதா? மூன்றாவது கேள்வியைத்தான் பலர் அரைகுறையாகப் பயன்படுத்துகிறார்கள். வகுபட்டதுமே "இலக்கம் மாறிப்போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எந்தக் காரணத்தால் இடித்தாலும் சரி, ஒன்பது வித்தியாசங்களில் ஒன்று சும்மாவே 9-ஆல் வகுபடும். அதனால் வகுபடுவது பெரிய சாட்சியம் இல்லை, வகுத்து வரும் ஈவுதான் சாட்சியம்.

அடுத்தடுத்த இரண்டு இலக்கம் இடம் மாறினால் ஈவு ஒற்றை இலக்கமாகவோ, அதன் பின்னால் பூஜ்யம் சேர்ந்ததாகவோ மட்டுமே இருக்கும். 1,800-ஐ 9-ஆல் வகுத்தால் 200. அதாவது ஆயிரம் இடமும் நூறு இடமும் மாறியிருக்கின்றன, அந்த இரண்டு இலக்கத்துக்கும் இடையே 2 வித்தியாசம். அப்படியானால் 46..., 64..., 35..., 53... போல ஆயிரம் இடத்துக்கும் நூறு இடத்துக்கும் 2 வித்தியாசம் உள்ள தொகைகளைத் தேடினால் போதும், முந்நூறு கணக்கைப் புரட்ட வேண்டாம். ஈவு 137 என்று வந்தால் அடுத்தடுத்த இலக்க மாற்றத்துக்கு வாய்ப்பே இல்லை. ஆனால் 137-ஐ 1,370 என்று ஒரு பூஜ்யம் கூட்டி எழுதியிருக்கலாம், அதில் வரும் 1,233-உம் 9-ஆல் வகுபடும். அப்போது ஈவே அசல் தொகை, லெட்ஜரில் 137-ஐத் தேடுங்கள்.

இப்போது நம் 620. இலக்கங்களைக் கூட்டினால் 8, அதனால் 9-ஆல் வகுபடாது. 310 ரூபாய்க்குப் பக்கம் மாறிய பதிவு இல்லை, 620-க்கு ஒற்றைப் பதிவும் இல்லை. எண்ணைப் படிப்பது இங்கே கைவிட்டுவிட்டது. இந்த வழியின் பெரிய குறை இதுதான்: தப்பு ஒன்றே ஒன்று என்று எடுத்துக்கொண்டுதான் அது வேலை செய்கிறது. இரண்டு தப்பு சேர்ந்தால் கண்ணுக்குத் தெரிவது அவற்றின் நிகரம் மட்டும், அந்த எண்ணுக்குள் இரண்டு தப்பின் முகமும் தெரியாது.

டிக் போடும் வழிக்கு இந்த நிபந்தனை இல்லை. பத்துத் தப்பு இருந்தாலும் பத்தையும் பிடிக்கும், ஆனால் நேரம் எடுக்கும். வரிசை முக்கியம், ஏனென்றால் சீக்கிரம் முடிவதை முதலில் முடிக்க வேண்டும். முதலில் டிரையல் பேலன்ஸின் கூட்டலையே மறுபடி கூட்டுங்கள் (எக்செல்லில் ஒரு எண் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தால் `SUM` அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்). அப்புறம் லெட்ஜரின் ஒவ்வொரு பேலன்ஸும் டிரையல் பேலன்ஸில் அதே தொகையாக, அதே பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கேஷும் பேங்க்கும் தனி ஏட்டில் இருப்பதால் விட்டுப்போவது வழக்கம். அதற்கு அப்புறம்தான் கொள்முதல் ஏடு, விற்பனை ஏடு இவற்றின் மாதக் கூட்டல். பார்ட்டிகளின் கணக்கில் பில் பில்லாகப் பதிவாகும், கொள்முதல் கணக்கில் மாதக் கூட்டல் மட்டும் ஏறும். கூட்டல் தப்பினால் ஒரு பக்கம் மட்டும் தப்பும். கடைசியாகத்தான் ஒவ்வொரு பதிவையும் ஒப்பிடும் பெரிய வேலை.

நம் கடையில் இரண்டாவது படியிலேயே ஒன்று சிக்கியது. லாரி வாடகை லெட்ஜரில் 4,620, டிரையல் பேலன்ஸில் 6,420. டெபிட்டில் 1,800 கூடுதல். திருத்தினால் டெபிட் 18,44,520 ஆகிறது. இப்போது கிரெடிட்தான் 1,180 கூடுதல்! திருத்தியதும் இடி 620-லிருந்து 1,180 ஆகப் பெருத்ததைப் பார்த்துப் பயந்து, பண்ணிய திருத்தத்தையே அழித்துவிடுபவர்கள் உண்டு. லெட்ஜரில் இருப்பது 4,620 என்றால் திருத்தம் சரிதான், இடி பெருத்தது மிச்சத் தப்பு வெளியே வந்ததால்.

இங்கேதான் எண்ணைப் படிக்கும் வழி மறுபடி உயிர் பெறுகிறது. 1,180 பார்த்ததுமே கண்ணில் படும் தொகை: ஆயிரம் ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும். கிரெடிட் கூடுதல் என்பதால் எங்கோ ஒரு டெபிட் விட்டுப்போயிருக்கிறது. கேஷ் புக்கில் கொடுத்த பக்கத்தில் தேடினால் பிரின்டர் ரிப்பேர் 1,180, அதன் நேரே லெட்ஜர் பக்க எண் எழுதும் ஃபோலியோ கட்டம் காலி. கேஷ் குறைந்தது, ரிப்பேர் செலவுக் கணக்கில் ஏறவில்லை. (இன்புட் வரி எடுக்காத பில், அதனால் முழுத் தொகையும் செலவுதான்.) ஏற்றினால் இரண்டு பக்கமும் 18,45,700.

ஆக இந்த இரண்டு வழியில் எதை முதலில் எடுப்பது? நான் மூன்று கேள்வியோடு ஆரம்பிப்பேன், கால் மணி நேரத்துக்கு மேல் அதில் உட்கார மாட்டேன். அப்புறம் டிக். ஆனால் ஒவ்வொரு தப்பு சிக்கும்போதும் நிறுத்தி, புது வித்தியாசத்தை மறுபடி அந்த மூன்று கேள்விக்குள் விடுவேன். டிக் போட ஆரம்பித்தவர்கள் இதை மறந்து கடைசிப் பக்கம் வரை போய்விடுகிறார்கள். 1,180-ஐக் கவனிக்காமல் போயிருந்தால் கேஷ் புக் முழுக்க, கொள்முதல் ஏடு முழுக்க டிக் அடிக்க வேண்டியிருக்கும்.

சஸ்பென்ஸ் வழிக்கு என் மதிப்பெண் குறைவு. நாளைக்கே ஏதாவது ஸ்டேட்மென்ட் கொடுத்தாக வேண்டும் என்றால் தற்காலிகமாகச் சரி. ஆனால் "சின்னத் தொகைதானே" என்ற வாதம் நிற்காது. 620-க்கு உள்ளே 1,800-உம் 1,180-உம் எதிரெதிராக ஒளிந்திருந்தன. அவை 18 லட்சமாகவும் 17.99 லட்சமாகவும் இருந்திருந்தாலும் வெளியே ஒரு சின்ன எண்தான் தெரிந்திருக்கும்.

டேலி பிரைம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. டெபிட்டும் கிரெடிட்டும் சமமாகாமல் வவுச்சரைச் சேமிக்கவே விடாது. இடித்தால் அநேகமாக ஆரம்ப இருப்பில்தான் இருக்கும், `Difference in opening balances` என்று தனி வரியாகக் காட்டும். ஆனால் 4,620 செக்கை 6,420 என்று வவுச்சரில் அடித்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு தப்பும், டிரையல் பேலன்ஸ் அழகாக டேலி ஆகும். அதைப் பிடிக்க பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒப்பிட வேண்டும், அங்கே போனதும் அதே 1,800-உம் அதே 9-உம் மறுபடி உதவிக்கு வரும்.